பகிடியும் முறையும்



'பகிடி' என்பது ஈழத்துத் தமிழருக்கு நன்கு பழகிய சொல். கேலி, கிண்டல், நையாண்டி, நக்கல் எனப் பல சொற்கள் இருப்பினும், வேண்டிய ஒருவரைச் சீண்டிச் சிரிப்பதைக் குறிக்க நம்மவர் நாவில் முதலில் எழுவது இச்சொல்லேயாகும். இதனோடு 'வதை' என்னும் சொல்லைச் சேர்த்துப் 'பகிடிவதை' என்றும் நாமே பெயரிட்டிருக்கிறோம். உயர்கல்வி நிலையங்களிற் புதிய மாணவரைத் துன்புறுத்தும் அச்செயலை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் குற்றமெனத் தடுத்துள்ளது. பகிடி எவ்விடத்தில் வதையாக மாறுகிறது? இவ்வினாவுக்கு ஒரே வீட்டில் வாழும் மூன்று தலைமுறையினர் மூன்று விதமாக விடை கூறுவதை நான் நேரிற் கண்டேன். அதனையே இன்று விளக்க விரும்புகின்றேன்.

என் தமக்கையார் கணவரோடும் இரு பிள்ளைகளோடும் கனடா நாட்டில், ரொறன்ரோ நகரின் ஸ்காபுறோப் பகுதியில் வாழ்கின்றார். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் நம்மவர் பலர் சென்று குடியேறிய இடம் அது. முதுமையடைந்த எம் தந்தையாரும் அவர்களுடனேயே இருக்கின்றார். 2018ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நான் அங்கே சென்றபோது, தமக்கையாரின் மகனுக்கு வயது பதினேழு, மகளுக்குப் பதினான்கு. வாசலில் என்னை வரவேற்க வந்த மருமகளை, குழந்தையாயிருந்த காலத்தின் பின் அன்றுதான் நேரிற் கண்டேன். மகிழ்ச்சி மிகுதியால், "என்ன பிள்ளை, வெயிலிலே பந்தடித்துக் கறுத்து, நன்றாய்த் தடித்தும் போனாய்! இனி உன்னை யார் கட்டப்போகிறான்? என் மகனுக்குத்தான் கேட்க வேண்டும்" என்றேன். தந்தையார் வாய்விட்டுச் சிரித்தார். தமக்கையார் சிரித்தும் சிரியாமலும் என்னைப் பார்த்தார். பிள்ளையோ சொல் எதுவுமின்றி மாடிக்குச் சென்றாள். இரண்டு நாட்களாக என்னுடன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நான் செய்த தவறு யாதென எனக்கு உடனே விளங்கவில்லை. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளோடு பழகியவனுக்கு இது விளங்காமற் போனது ஏன் என்பதுதான் ஆராயத்தக்கது.

நம் உறவுமுறையிற் பகிடிக்கு ஓர் இலக்கணம் உண்டு. தந்தையின் உடன்பிறந்தான் பெரியப்பா அல்லது சித்தப்பா; அவர் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை. இவர்களிடம் மரியாதையும் கட்டுப்பாடும் உண்டு, பகிடி குறைவு. தாயின் உடன்பிறந்தான் மாமன். அவர் பிள்ளைகள் மச்சான், மச்சாள். இவர்களிடம் பகிடி செய்யலாம் என்பதன்று. செய்யாவிட்டாற் குறையாகக் கொள்ளப்படும். "மாமன் வந்தும் ஒன்றும் பேசாமற் போய்விட்டார், மனத்தில் ஏதோ இருக்கிறது" என்று கூறும் வீடுகளை நாம் அறிவோம். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணமுடிக்கும் வழக்கம் இருந்தமையால், மணத்தைப் பற்றிய பகிடி அம்முறைக்கு அடையாளமாயிற்று. தாய்மாமன், "என் மகனுக்குத்தான் நீ" என்று சொல்வது பெரும்பாலும் மணப்பேச்சு அன்று. "நீ எனக்கு அன்னியள் அல்லள்" என்பதன் மறுமொழியே அது.

இஃது எமக்கு மட்டும் உரியதன்று. ராட்கிளிஃப்-பிரௌன் என்னும் ஆங்கில மானிடவியலறிஞர் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், உலகின் பல மக்களிடையே காணப்படும் இவ்வழக்கத்தைப் பகிடி உறவு என வகுத்து ஆராய்ந்தார். இவ்வுறவில் ஒருவர் மற்றவரைச் சீண்டுவதை வழக்கமே அனுமதிக்கிறது. சீண்டப்பட்டவர் சினங்கொள்ளலாகாது என்றும் அவ்வழக்கமே விதிக்கிறது. திருமணத்தால் இணையும் இரு குடும்பத்தாரிடையே நெருக்கமும் உண்டு, பிணக்குக்கு இடமும் உண்டு. அப்பிணக்கு வெளிப்படாதிருக்கச் சிலரிடம் மிகுந்த ஒதுக்கத்தையும், சிலரிடம் அளவுகடந்த பகிடியையும் சமுதாயம் வகுத்துக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். மாமியார் முன்னிலையில் அடங்கி நிற்கும் மாப்பிள்ளை, அதே வீட்டில் மச்சானோடு ஓயாது சிரித்துப் பேசுவதை எண்ணிப் பார்த்தால் அவர் கூற்று நமக்குப் புதிதாய்த் தோன்றாது.

ஆகவே, நான் வாசலிற் பேசியது எனக்குக் கிடைத்த உரிமையின்படி பேசியதே. ஆனால் அவ்வுரிமைச் சீட்டு ஸ்காபுறோவிற் செல்லுபடியாகவில்லை. காரணம் எளிது. என் மருமகள் பேசும் ஆங்கிலத்தில் மாமனும் சித்தப்பனும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவர். மச்சானும் அண்ணனும் ஒரே சொல்லுள் அடங்குவர். யாருக்குப் பகிடி உரிமை, யாருக்கு இல்லை என்பதைக் காட்டும் வேலி அம்மொழியில் இல்லை. என் மகனை அவள் தமையனாகவே கருதுகிறாள். மாமன், மச்சான் வழித் திருமணத்தைக் கனடாச் சட்டம் தடுக்கவில்லையெனினும், அவளுடன் படிக்கும் பிள்ளைகள் அதைக் கேட்டால் முகஞ்சுளிப்பர். நான் அன்பின் அடையாளமாய்ச் சொன்னது அவள் காதில் அருவருப்பாய் விழுந்தது.

எஞ்சிய இரண்டும், நிறமும் உடற்பருமனும். அன்றிரவு தமக்கையார் எனக்கு விளக்கிய பகுதி இதுவே. ஒன்ராறியோ மாகாணம் 2012ஆம் ஆண்டிற் கல்விச் சட்டத்தைத் திருத்தி, பாடசாலைகளில் மாணவர் ஒருவரையொருவர் துன்புறுத்துவது எது என்பதை வரையறுத்தது. துன்பம் விளைவிக்கும் நடத்தை, பெரும்பாலும் மீண்டும் மீண்டும் நிகழ்வது, இருவரிடையே வலிமை ஏற்றத்தாழ்வு இருப்பது என்பன அவ்வரையறையின் கூறுகள். அவ்வேற்றத்தாழ்வுக்குக் காரணமாவனவற்றுள் உடலின் அளவும் இனமும் எண்ணப்பட்டுள்ளன. சட்டம் மாணவரைப் பற்றியது, மாமனைப் பற்றியதன்று. எனினும் பாலர் வகுப்பிலிருந்தே 'பிறர் உடலைப் பற்றிப் பேசாதே' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, பேசுபவர் யார் என்று பார்ப்பதில்லை. எதைப் பற்றிப் பேசுகிறார் என்றே பார்க்கிறாள்.

நேயர்களே, வேறுபாடு முழுவதும் இங்கேதான் அடங்கியிருக்கிறது. நம் தலைமுறை பகிடியைக் கேட்டவுடன், 'சொன்னவர் எனக்கு என்ன முறை?' என்று வினவும். அங்கே வளர்ந்த தலைமுறை, 'சொன்னது எதைப் பற்றி?' என்று வினவும். முறை சரியாயிருந்தாற் பொருள் எதுவாயினும் நாம் பொறுப்போம். பொருள் சரியாயிருந்தால் ஆள் யாராயினும் அவர்கள் பொறுப்பர்.

இதன் மறுபக்கத்தை அடுத்த நாள் இராப்போசனத்தின்போது கண்டேன். அத்தான் கடைகளின் மலிவு விலைப் பத்திரிகைகளை ஆராய்ந்து, வெகுதூரம் காரோட்டிச் சென்று ஓர் அரிசி மூட்டை வாங்கி வந்திருந்தார். மருமகன் மிக அடக்கமான குரலில், "அப்பா இன்று இரண்டு டொலர் மிச்சம் பிடித்தார். பெற்றோலுக்கு நான்கு டொலர்தான் போயிற்று" என்றான். தந்தையார் சிரிப்பை அடக்க மாட்டாமற் புரைக்கேறினார். அத்தானோ கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார். மகன் திகைத்தான். நண்பரிடையே முகத்துக்கு நேரே சீண்டுவதே நெருக்கத்தின் அடையாளம் என்று அவன் பழகியிருக்கிறான். உடலையோ நிறத்தையோ அவன் தொடவில்லை. தந்தையின் சிக்கனத்தைத்தானே தொட்டான்? பொருளில் தவறில்லை என்பது அவன் கணக்கு. ஆனால் தகப்பனும் மகனும் பகிடிக்குரிய முறையினர் அல்லர் என்பது அத்தானின் கணக்கு. அதிலும், அந்நாட்டுக்கு வந்த முதலாண்டுகளில் இரவு வேலை செய்து ஒவ்வொரு டொலராய்ச் சேர்த்தவருக்கு அந்தச் சிக்கனம் சிரிப்புக்குரிய பொருளும் அன்று.

தந்தையார் மட்டும் ஏன் சிரித்தார் என்று கேட்பீர்கள். பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையே நம் வழக்கத்திலேயே பகிடி உரிமை உண்டு. இடையிலுள்ள தலைமுறையைக் கண்டிப்புக்கு விட்டுவிட்டு, அவ்விருவரும் விளையாட்டுத் தோழராவர். தந்தையார் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று உச்சரிப்பதைப் பேரன் நாள்தோறும் நடித்துக் காட்டுவான். அவர் பேரனின் தமிழைத் திருப்பி நடிப்பார். வீட்டில் இரு நாட்டு வழக்கமும் மோதாதிருந்த இடம் அது ஒன்றே. அங்கே முறையும் சரி. இருவரும் விரும்பி விட்டுக்கொடுத்த பொருளும் சரி. பட்டவர் திருப்பிக் கொடுக்கவும் முடிகிறது.

அந்தக் கடைசிக் கூறே எனக்குச் சிறந்த அளவுகோலாய்த் தோன்றியது. பகிடி செய்யப்பட்டவர் அஞ்சாது பதிலுக்குப் பகிடி செய்ய முடிகிறதா? முடியாவிட்டால், சொன்னவர் எந்த முறையினராயினும் அது வதையின் பக்கம் சாய்ந்துவிட்டது. பதினான்கு வயதுப் பெண்ணை நான் கறுப்பென்றேன். அவள் என்னை என்ன சொல்லியிருக்க முடியும்? நம் நாட்டிலும் பெண்பிள்ளைகளுக்கு அதே சொல் நொந்ததுதான். அங்கே அவளுக்கு அதைச் சொல்ல ஒரு மொழி கிடைத்திருக்கிறது. இங்கே எங்கள் பிள்ளைகள் சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதனர். என் வகுப்புகளிலும் அப்படிச் சிரித்த பிள்ளைகள் இருந்திருப்பர். பட்டப்பெயரை நானே சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்த நாட்களும் உண்டு. மாடிக்குப் போன அந்தப் பிள்ளையை நினைத்தபோது அவர்களும் நினைவுக்கு வந்தனர்.

மூன்றாம் நாட்காலை மருமகளிடம், "நான் சொன்னது பிழை" என்றேன். மாமன் அப்படிச் சொல்லிக் கேட்டிராத தந்தையார் வியப்போடு நிமிர்ந்து பார்த்தார். அவள் சற்று யோசித்துத் தன் அரைகுறைத் தமிழில், "என் உடம்பைச் சொல்ல வேண்டாம், கலியாணத்தையும் சொல்ல வேண்டாம். வேறு என்னவும் சொல்லலாம்" என்றாள். அவள் பகிடியை மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மாமனின் உரிமையை ஒப்புக்கொண்டு, பொருளுக்கு மட்டும் வேலி போட்டாள்.

அன்று மாலை அவள் சுட்ட ரொட்டி ஒருபுறம் கருகியிருந்தது. "இது ரொட்டியா, கரும்பலகையா?" என்றேன். அவள் உடனே, "கரும்பலகைதான். எழுதிப் படிப்பியுங்கள். சாப்பாட்டு மேசையிலும் எங்களுக்கு இடாப்புக் கூப்பிடுகிற அதிபர்தானே" என்றாள். சாப்பிட அழைக்கும்போது பெயர்களை ஒவ்வொன்றாய் உரக்க வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டென்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தந்தையாருக்கு மறுபடியும் புரைக்கேறிற்று.

அத்தானுக்கும் மகனுக்கும் இடையே அவ்வளவு எளிதில் வழி பிறக்கவில்லை. நான் புறப்படும் நாள்வரை அரிசி மூட்டையைப் பற்றி எவரும் பேசவில்லை. ஆயினும் விமான நிலையத்துக்குச் செல்லும் வழியில், மலிவு விலைக் கடையொன்றைக் கடக்கையில் அத்தான் காரின் வேகத்தைச் சற்றுக் குறைத்தார். பின் ஆசனத்திலிருந்த மகன் ஒன்றும் சொல்லவில்லை. அத்தானே, "பெற்றோல் காணாது" என்றார். முதலிற் சிரித்தவன் மகன்.