எண்ணெல்லாம் சரி, நிலம்தான் தப்பு: ஒரு பத்திர மொழிபெயர்ப்பைச் சோதித்த குறிப்பு

நண்பர் ஒருவர் பழைய கிரயப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பை ஸ்கிரீன்ஷாட்டா அனுப்பியிருந்தார். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். பங்காளிகளுக்குள்ள பாகப் பிரச்சினை. வெளிநாட்டுல இருக்கிற பங்குதாரர் ஆங்கிலத்தை மட்டும்தான் படிப்பாராம்.

எண்கள் விடுபட்டிருக்கான்னு பார்க்கிறது எளிது. படத்தை முதல்ல நடுவில் வெட்டி இரண்டு கோப்பாக்கிடணும். இல்லன்னா ஓசிஆர் இரண்டு பக்கத்து வரிகளையும் கலந்து படிச்சிடும். பிறகு:

```
tesseract left.png left -l tam --psm 6
tesseract right.png right -l eng --psm 6
grep -oE '[0-9]+' left.txt
grep -oE '[0-9]+' right.txt
```

தமிழ்ல சர்வே நம்பர் 114/2, ஆங்கிலத்துல வெறும் 114. உட்பிரிவு போச்சு. கிரயத் தொகை 275-8-0, அதாவது 275 ரூபாய் 8 அணா. ஆங்கிலத்துல 275 மட்டும். அரை ரூபாயைக் காணோம். எழுத்தால் எழுதின தொகை இந்தக் கட்டளைக்குச் சிக்காது, அதைக் கண்ணாலதான் பார்க்கணும்.

ஆனா பெரிய தப்பு, இந்தச் சோதனையில் பாஸ் ஆன இடத்துல இருந்தது. தமிழ்ல "2 ஏக்கர் 7 செண்ட்", ஆங்கிலத்துல "2.7 ஏக்கர்". இரண்டு பக்கமும் 2, 7 இருக்கு. கணினிக்குச் சந்தேகமே வராது. நூறு செண்ட் ஒரு ஏக்கர் என்பதால் 2.07 என்றுதான் வரணும். 2.7 என்றால் 63 செண்ட் கூடுதல். பாகம் பிரிக்கும்போது இல்லாத நிலத்தைப் பிரிப்பாங்க!

தேதியும் இதே கதைதான். "பிரமோதூத வருஷம் தை மாதம் 20-ம் தேதி" என்பதை "ஜனவரி 20, 1930" ஆக்கியிருந்தாங்க. பிரமோதூத 1930 ஏப்ரல் நடுவில், சித்திரையில் பிறந்த வருஷம். அதோட தை வரும்போது ஆங்கில வருஷம் 1931 ஆகிடும். மாசி முழுக்கவும், பங்குனியும் அப்படித்தான். தவிர, தை பிறப்பதே ஜனவரி நடுவில், அதனால 20-ம் தேதி பிப்ரவரி முதல் வாரத்துக்குப் போயிடும். சரியான நாளுக்கு அந்த வருஷப் பஞ்சாங்கத்தைப் பார்க்கணும். பத்திரத்துல கிழமை எழுதியிருந்தா அதையும் ஒத்துப்பார்க்கலாம்.

கடைசியா சொல். "ஒத்தி" மூன்று இடத்தில் வருது. முதல் இரண்டில் மார்ட்கேஜ், மூன்றாவதில் லீஸ். ஒத்தியில் கடன் கொடுத்தவர் நிலத்தை அனுபவிப்பார், பணத்தைத் திருப்பினால் நிலம் திரும்பும். லீஸ் கெடு முடிந்தால் முடிஞ்சது. இந்தப் பத்திரத்துல ஒத்திப் பணம் 100 ரூபாயைக் கிரயத் தொகையில கழிச்சிருக்காங்க. லீஸ்னு படிச்சா அந்தக் கழிவுக்கு அர்த்தமே கிடையாது. "ஒத்தி" என்று தமிழ்ப் பக்கத்தில் தேடி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வந்த ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் எழுதிக்கிட்டு வந்தாலே இது தெரிஞ்சிடும்.

நண்பருக்கு இந்த ஐந்து திருத்தங்களையும் பத்திர வரி எண்ணோட அனுப்பியாச்சு. 63 செண்ட் திருத்தத்தை முதல்ல வெச்சேன்.