உங்களுக்குத் தெரியுமா? பிரெஞ்சு அலுவலகத்தில் ஓர் இரங்கல் மின்னஞ்சல்

பிரான்சில் அலுவலக மின்னஞ்சல்கள் பெரும்பாலும் 'கோர்தியால்மான்' என்றே முடியும். தந்தையை இழந்த சக ஊழியருக்கு அப்படி முடித்தால், ஏதோ பில் அனுப்பியது போல வறட்சியாக ஒலிக்கும். அங்கே 'அவெக் தூத் மா சேம்பதி' (உங்கள் துயரில் பங்குகொள்கிறேன்) பொருத்தம். 'போன்ஜூர்' வேண்டாம், 'ஷேர்' என்று பெயரோடு தொடங்கலாம். வழக்கமாக 'நீ' என்று பேசிக்கொள்பவர்கள் இதிலும் 'நீ'யே எழுதுவார்கள்; திடீரென 'நீங்கள்' என்றால் விலகிப்போனது போலிருக்கும்.

நடுவில் மூன்று நான்கு வரி போதும். எந்த மதத்தவர் என்று தெரியாதவருக்குச் சொர்க்கம், ஆண்டவன் என்று எழுதாமல் இருப்பதே நல்லது.

பெற்றோர் இறந்தால் பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம் தருவது குறைந்தது 3 நாள் சம்பள விடுப்பு. அந்த நாட்களில் அவர் அலுவலகத்தில் இருக்க மாட்டார். ஆகவே, 'எதுவானாலும் சொல்லுங்கள்' என்பதைவிட, 'வியாழக்கிழமைக் கூட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், பதில் எழுத வேண்டாம்' என்ற ஒரு வரி அதிகம் உதவும். நிலுவையிலுள்ள கோப்பைப் பற்றிய கேள்வியை மட்டும் அந்த மின்னஞ்சலில் சேர்த்துவிடக் கூடாது. அதற்கு வேறு ஆளிடம் போங்கள்.