இனி என் லீவுக்கு யார் கையெழுத்து?

நிர்வாகம் பொறுப்புகளை மாற்றியமைத்தால், கட்டமும் கோடுமாக ஒரு படம் மெயிலில் வரும். அனுப்பியவருக்கு அதோடு வேலை முடிந்தது. படத்தைத் திறப்பவரோ தன் பெயரைத் தேடி, அதற்கு மேல் கட்டத்தில் யார் பெயர் என்று பார்க்கிறார். வயிறு கலங்குவது அங்கேதான்.

ஒரு பம்ப் கம்பெனியை வைத்துக்கொள்வோம். மதுரைக் கிளையில் ஆறு சர்வீஸ் எஞ்சினியர்கள், இதுவரை கிளை மேலாளரின் கீழ். அக்டோபர் 1 முதல் கோவையில் இருக்கும் சர்வீஸ் தலைவரின் கீழ். ஊரும் சம்பளமும் மாறவில்லை. ஆனாலும் ஆறு பேருக்கும் ஒரே கேள்வி: ஏப்ரல் முதல் என் வேலையைப் பார்த்தவர் மதுரைக்காரர், மார்ச்சில் மதிப்பெண் போடப்போகிறவர் கோவைக்காரர். அவருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்?

இதற்கு விடை அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். பழைய மேலாளர் அரையாண்டுக் குறிப்பை செப்டம்பர் 30-க்குள் எழுதி, சம்பந்தப்பட்டவரிடம் காட்டிவிட்டு, புதியவரிடம் ஒப்படைப்பார் என்று ஒரு வரி போதும். ஏற்கெனவே கிடைத்த தீபாவளி லீவு செல்லும் என்று இன்னொரு வரி. கிளை மேலாளர் அவசரத்துக்கு ஓர் எஞ்சினியரை ஓரிடத்துக்கு அனுப்ப, கோவையிலிருந்து வேறிடத்துக்குப் போகச் சொன்னால் யார் பேச்சு எடுபடும் என்பதையும் எழுதிவிட வேண்டும். படத்தில் புள்ளிக்கோடு போட்டு விடுவது இதைத் தள்ளிப்போடும் வழி, அவ்வளவுதான்.

யாருக்கு முதலில் சொல்வது? ஆட்களை இழக்கிற கிளை மேலாளருக்கு, ஒரு நாள் முன்பே, தனியாக. ஆறு பேரும் ஓடிப்போய்க் கேட்கப்போவது அவரிடம். “எனக்கே இப்பத்தான் தெரியும்” என்று அவர் சொல்லிவிட்டால், பிறகு எந்தக் கடிதமும் உதவாது. மறுநாள் காலை இரண்டு மேலாளர்களும் ஆறு பேரோடு உட்கார்ந்து பேசலாம். பிறகு புதியவர் ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம். அன்று மதியமே எல்லாருக்கும் மெயில். அதற்கு மேல் தள்ளினால் டீக்கடை முந்திக்கொள்ளும்.

டீக்கடையை விட மோசம் ஹெச்ஆர் சாஃப்ட்வேர். மேலாளர் பெயரை யாரோ முன்கூட்டியே அதில் மாற்றிவைக்க, லீவு போடப் போனவர் ஒப்புதல் கட்டத்தில் முன்பின் தெரியாத பெயரைப் பார்க்கிறார். அறிவிப்பு வரும்வரை அதைத் தொடக்கூடாது.

காரணத்தையும் உள்ளபடி சொல்லலாம்: ஒரு கிளையில் உதிரிபாகம் தூங்க, இன்னொரு கிளையில் வாடிக்கையாளர் காத்திருந்தார், அதனால்தான் இந்த மாற்றம் என்று. ஆட்குறைப்பு உண்டா என்பது முடிவாகவில்லை என்றால், “யாருக்கும் ஒன்றும் ஆகாது” என்று வாய் விடாமல், எந்தத் தேதியில் தெரியும் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

அக்டோபர் பாதியிலும் லீவு கேட்டு மதுரை மேலாளருக்கே போன் வந்தால், அறிவிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.