தீபாவளி விற்பனையில் எந்த விளம்பரத்துக்கு எவ்வளவு பங்கு?

தீபாவளி நெருங்கும்போது ஜவுளிக்கடை விளம்பரங்கள் தொலைக்காட்சியில் பெருகும். அதே வாரங்களில் கைப்பேசியிலும் பெருகும். பண்டிகை முடிந்ததும் இரண்டும் ஒன்றாக அடங்கும். எந்த விளம்பரம் எவ்வளவு விற்றுத் தந்தது என்று அறிய நிறுவனங்கள் ‘மார்க்கெட்டிங் மிக்ஸ் மாடல்’ என்ற புள்ளியியல் கணக்கைப் போடுகின்றன. வாராவாரம் ஆன செலவையும் விற்பனையையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு ஊடகத்தின் பலனையும் அது தனித்தனியாக மதிப்பிடும். செலவுகள் சேர்ந்தே ஏறி இறங்கினால் அந்தப் பிரிப்பு தடுமாறுகிறது. இதற்கு மல்டிகொலினியாரிட்டி என்று பெயர்.

ஒரு கடையைக் கற்பனை செய்வோம். டிவிக்கு ஒரு ரூபாய் கூட்டும்போதெல்லாம் இணையத்துக்கும் ஒரு ரூபாய் கூட்டுகிறார்கள். பண்டிகையால் தானாக வரும் விற்பனையைக் கழித்தால், இந்த இரண்டு ரூபாயும் சேர்ந்து 6 ரூபாய் விற்பனை தருகின்றன. டிவிக்கு 3, இணையத்துக்கு 3 என்றாலும் கணக்கு பொருந்தும். 5, 1 என்றாலும் பொருந்தும். 7, கழித்தல் 1 என்றாலும்கூடப் பொருந்தும்!

நிஜத்தில் செலவுகள் இவ்வளவு அச்சாக ஒத்துப்போவதில்லை என்பதால் கணினி ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும். ஆனால் சில வாரங்களின் தரவை நீக்கினாலே அந்த விடை தலைகீழாக மாறும். விளம்பரம் விற்பனையைக் குறைத்தது என்றுகூட வரும். சிக்கலை அளக்க விஐஎஃப் என்ற எண் உதவும். அது 10 என்றால், மதிப்பீட்டின் பிழை வரம்பு மூன்று மடங்குக்கு மேல் விரிந்துவிட்டது என்று பொருள்.

1970-இல் ஹோயர்ல், கென்னார்ட் இருவரும் முன்வைத்த ‘ரிட்ஜ்’ முறை ஒரு பரிகாரம். மெட்டாவின் ‘ராபின்’ மென்பொருள் இதையே கையாள்கிறது. பெரிய எண்களுக்கு அபராதம் விதிப்பதால் ரிட்ஜ், நம் கடைக்கு 3, 3 என்ற விடையை நோக்கிச் சாயும். விடை நிலையாக இருக்கும். ஆனால் அந்தச் சமபங்கு தரவு சொன்னதல்ல, அபராத விதி சொன்னது. அதை நம்பிப் பட்ஜெட்டை மாற்றுவது ஆபத்து.

உண்மையான பதிலுக்குச் செலவுகளையே பிரித்துப் பார்க்க வேண்டும். 2012-இல் ஈபே நிறுவனம் அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் கூகுள் தேடல் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் அங்கே விற்பனை ஏறக்குறைய குறையவே இல்லை.

நம் கடையும் இப்படிச் செய்யலாம். செயற்கைக்கோள் டிவியை ஒரு மாவட்டத்துக்கு மட்டும் நிறுத்த முடியாது. இணைய விளம்பரத்தை நிறுத்தலாம். குலுக்கலில் தேர்ந்த சில மாவட்டங்களில் நிறுத்தும்போது, இணையத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 1 ரூபாய் விற்பனைதான் குறைகிறது என்றால், டிவியின் பங்கு 5 என்று தெளிவாகிவிடும். இந்த முடிவை, கூகுளின் ‘மெரிடியன்’ போன்ற பேய்சியன் மாடல்களில் முன்னனுமானமாகக் கொடுக்கலாம். ஆனால் தீபாவளியில் கிடைத்த எண் ஆடித் தள்ளுபடிக்கும் பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. செலவின் அளவோ பருவமோ மாறினால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.