இருபது நிமிஷ மாத்திரை, பத்து நாள் வேலை

இந்த வாரக் கதை நானும் ரூம்மேட்டும் போட்ட ஒரு சண்டை. ஃபார்மகாலஜி தேர்வுக்குப் படிச்சிட்டிருந்தோம். கேள்வி இதுதான்: தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுபவர், கடைசி மாத்திரை போட்டு 24 மணி நேரம் ஆகிறது. பிளேட்லெட்கள் பழையபடி வேலை செய்யுமா?

நான் "செய்யும்"னு டிக் பண்ணிட்டேன். "ஆஸ்பிரினோட ஹாஃப்-லைஃப் 20 நிமிஷம்தான்டி. ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல ஒண்ணுமே இருக்காது."

"மருந்து போயிடும். அது செஞ்ச வேலை போகுமா?"ன்னு கேட்டா.

எனக்குக் கடுப்பு. ஏன்னா அன்னைக்குக் காலையிலதான் அப்பா போன் பண்ணியிருந்தார். ஸ்டென்ட் வச்சவர். மறுநாள் பல் பிடுங்கணும். "இன்னைக்கு மாத்திரையை விட்டுடுங்க, போதும்"னு பெரிய டாக்டர் மாதிரி சொல்லியிருந்தேன்.

அவ நோட்டுல வரைஞ்சா. பிளேட்லெட்டுக்குள்ள காக்ஸ்-1 என்ற என்சைம் இருக்கு. மற்ற பிளேட்லெட்களைக் கூப்பிடும் த்ராம்பாக்ஸேன் உருவாக அது வேணும். ஐபுப்ரோஃபென் அந்த என்சைமின் வழியில் வந்து உட்காரும், அப்புறம் எழுந்து போயிடும். ஆஸ்பிரின் அப்படி இல்லை. தன்னிடமுள்ள அசிட்டைல் துண்டை அங்கே ஒட்டிவிட்டுத்தான் போகும். பூட்டுக்குள்ள ஃபெவிகுவிக் ஊத்தின மாதிரி. ஊத்தினவன் போனாலும் பூட்டு திறக்காது.

"புது என்சைம் செஞ்சுக்கலாமே?"

"பிளேட்லெட்டுக்கு நியூக்ளியஸ் ஏது?"

அதுதான் விஷயம். நியூக்ளியஸ் இல்லாததால் அதால் புது என்சைம் தயாரிக்க முடியாது. சாகிற வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, அது அப்படியேதான் இருக்கும். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்கு புது பிளேட்லெட்களைத்தான் அனுப்பும். கவுண்ட் எடுத்துப் பார்த்தா நார்மலாத்தான் வரும், எண்ணிக்கை குறையறது இல்லையே!

நான் விடல. "அப்போ ரத்தக்குழாய்ச் சுவரோட என்சைமும் ஒட்டிக்குமே? உறையாம தடுக்கிற ப்ராஸ்டாசைக்ளின் அங்கேதானே வருது?"

"ஒட்டும். ஆனா அந்த செல்லுக்கு நியூக்ளியஸ் இருக்கு, சில மணி நேரத்துல புதுசு செஞ்சுக்கும். அதனாலதான் சின்ன டோஸ், ஒரு நாளைக்கு ஒரு தடவை."

என்னை மடக்க என் கேள்வியே போதுமானதா இருந்தது. ஆனா அவ எழுதின "பத்து நாள் கழிச்சுத்தான் சரியாகும்" என்பதும் முழுசா சரியில்லை. எல்லா பிளேட்லெட்டும் மாற வேண்டியதில்லை. மூணு நாலு நாளிலேயே பலருக்கும் ரத்தம் உறையப் போதுமான அளவு புதுசு சேர்ந்துடும்.

அப்பாவுக்கு உடனே போன் போட்டேன். ஒரு நாள் விட்டா ரத்தம் வடியறது பெரிசா குறையாது. நாள் கணக்கில் விட்டா ஸ்டென்ட் அடைக்கலாம். சாதாரணமா பல் பிடுங்க ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்றதில்லை, பஞ்சை வச்சு அழுத்தியோ தையல் போட்டோ சமாளிப்பாங்க.

"பல் டாக்டரும் அதையேதான் சொன்னார்மா. காலையிலயே மாத்திரை போட்டுட்டேன்"னார் அப்பா.