திருவிழா மீதியில் யாருக்கு எவ்வளவு பங்கு?

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்த்து முடிந்த மறுவாரம் தெருக் கூட்டத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: "மீதி எவ்வளவு?" கையிலிருக்கும் பணத்தை எண்ணிச் சொல்வது இதற்குச் சரியான பதில் ஆகாது. ஏன் என்று ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

அறுபது தலைக்கட்டு உள்ள ஒரு தெரு. வீட்டுக்கு 1,000 ரூபாய் வரி. ரசீதுப் புத்தகத்தில் 70 எண்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. அடிக்கட்டைகளைப் பிரித்து அடுக்கினால் வரி 54, நன்கொடை 13, ரத்தானவை 3. எழுபதும் வந்துவிட்டதால் எந்த ரசீதும் விடுபடவில்லை. ரத்தான ரசீதின் இரு பாதியும் புத்தகத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால், அந்த எண்ணில் பணம் வாங்கப்பட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. வரி 54,000, நன்கொடை 11,500. மொத்த வரவு 65,500 ரூபாய்.

இனி செலவு. பந்தலும் சீரியல் லைட்டும் 18,000, மேளம் 12,000, பூ அலங்காரம் 9,500, மளிகை காய்கறி 16,200, பூசாரி தட்சிணை 3,000, சில்லறைச் செலவு 1,300. ஆக 60,000.

கணக்கு அதிகம் தப்புவது அட்வான்ஸில்தான். பந்தல்காரருக்கு முன்பே 5,000 கொடுத்து நோட்டில் செலவாக எழுதியிருப்பார்கள். விழா முடிந்ததும் அவர் 18,000-க்கு முழு பில் தருவார். கொடுக்க வேண்டிய பாக்கி 13,000 மட்டுமே. பில் தொகையை அப்படியே எழுதினால் செலவு 65,000 ஆகி, மீதி வெறும் 500 என்று காட்டும். கையிலோ 5,500 இருக்கும். நோட்டும் கைப்பணமும் இப்படி ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசத் தொகைக்கு ஈடான அட்வான்ஸ் ஏதும் உண்டா என்று முதலில் தேடுங்கள்.

கையிருப்பு 5,500 என்று உறுதியான பிறகு, அதை வரி கட்டிய 54 வீடுகளுக்கும் பிரித்தால் வீட்டுக்குச் சுமார் 102 ரூபாய் திரும்பும். அதாவது அவர்கள் ஒவ்வொருவர் தலையிலும் 898 ரூபாய் விழுகிறது. இது நியாயமான பங்கு அல்ல. செலவு 60,000-ல் நன்கொடையைக் கழித்தால் 48,500. அதை அறுபது வீட்டுக்கும் வகுத்தால் வீட்டுக்கு 808 ரூபாய்தான். கூடுதல் 90 ரூபாய், கட்டாத ஆறு வீட்டின் பங்கைக் கட்டியவர்கள் சுமப்பதால் வந்தது.

அதனால் வரவு செலவுத் தாளில் கையிருப்பு 5,500, வரி பாக்கி 6,000 என்று இரண்டையும் தனித்தனி வரியில் எழுத வேண்டும். இரண்டும் சேர்ந்த 11,500தான் தெருவின் உண்மையான மீதி. பாக்கி வசூலானால் அடுத்த ஆண்டு, விலைவாசி மாறாதவரை, வீட்டுக்கு 190 ரூபாய் வரியைக் குறைக்கலாம். வசூலாகாது என்று கூட்டம் முடிவு செய்தால் கையிலுள்ள 5,500-ஐ மட்டுமே நம்பி அடுத்த வரியை நிர்ணயிக்க வேண்டும்.