தலைக்குப் புது நிறம், புருவத்துக்கு?

பார்லரில் அரை நாள் உட்கார்ந்து, கருகருவென்றிருந்த கூந்தலைத் தேன் நிறத்துக்கு மாற்றிக்கொண்டு வீடு திரும்பும் பெண்ணை வீட்டில் எல்லோரும் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னமோ இடிக்குதே" என்று ஒருவராவது சொல்வார். எது இடிக்கிறது என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. பழி முழுக்க ஹேர் கலர் மீதும், போட்டுவிட்டவர் மீதும் விழும். கூந்தல் ஒழுங்காகத்தான் வந்திருக்கும். இடிப்பது அதற்கு ஒரு சாண் கீழே, பழைய கருப்பிலேயே நிற்கும் புருவம்.

சரி, புருவத்துக்கும் அதே தேன் நிறத்தைப் பூசிவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். அது இன்னும் மோசம். கூந்தல், புருவம், இமை மூன்றும் ஒரே நிறத்தில் இருந்தால், மூன்றையும் ஒரே கிண்ணத்தில் தோய்த்து எடுத்ததுபோல் முகம் மழுங்கிவிடும். பிறவியிலேயே பொன்னிற முடி உள்ளவர்களைப் பார்த்தால் இது புரியும். அவர்களில் பெரும்பாலோருக்குப் புருவம் தலைமுடியைவிட ஓரிரு படி அடர்த்தியான நிறத்தில் இருக்கும். செம்பட்டை முடிக்காரர்கள் பலருக்கும் புருவம் பழுப்பை ஒட்டியே இருக்கும். நம் ஊரிலும் முழங்கை நீளத்துக்குக் கூந்தல் வளர்த்தவர்களின் நுனி முடியை வெயிலில் பிடித்துப் பாருங்கள், லேசான பழுப்பு தெரியும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் அந்த நுனிக்கு வயது நான்கைந்து ஆண்டு. அத்தனை நாள் வெயிலும் தண்ணீரும் குடித்து வெளுத்த முடி அது. புருவ முடியோ சில மாதங்களில் உதிர்ந்து புதிதாக முளைப்பது, வெளுக்க அதற்கு அவகாசமே இல்லை. ஆக, ஒரே ஆளின் முடியிலும் இடத்துக்கு இடம் நிறம் மாறுவதுதான் இயல்பு. நம்பும்படியான தோற்றம் வேண்டுமென்றால் அந்த வித்தியாசத்தை விட்டுவைக்க வேண்டும், ஆனால் அளவோடு.

அந்த அளவைக் கணக்கிட ஹேர் கலர் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணே போதும். 1 என்பது கருப்பு. 3 அடர் பழுப்பு, 4 பழுப்பு, 5 இளம்பழுப்பு. அதற்கு மேல் ஏற ஏறப் பொன்னிறமாகி, 10-ல் மிக வெளிறிய பொன்னிறம் வரும். புள்ளிக்குப் பிறகு வரும் எண் நிறத்தின் சாயலைச் சொல்கிறது. பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கில் .1 என்றால் சாம்பல் சாயல், .3 தங்கச் சாயல், .4 செம்புச் சாயல். நம்மவர்களின் இயற்கையான முடி பெரும்பாலும் 1, 2 எண்களுக்குள் அடங்கிவிடும்.

ஒரு பள்ளி ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். மாநிறம், அடர்ந்த புருவம், இயற்கையான முடி எண் 2. வேரிலிருந்து நுனிவரை 6.3-க்கு, அதாவது தங்கச் சாயலுள்ள தேன் நிறத்துக்கு மாற்றியிருக்கிறார். இப்போது கூந்தலுக்கும் புருவத்துக்கும் நடுவே நான்கு படி இடைவெளி. இரண்டு படி வரை கண் ஒப்புக்கொள்ளும். நான்கு என்றால், முடியைப் பார்ப்பவருக்கு முதலில் புருவம்தான் தெரியும். அவர் புருவம் 4-க்கு வந்தால் போதும். தங்கச் சாயலைப் புருவத்துக்குக் கொண்டுவரவும் வேண்டாம். மாநிறத் தோலில் தங்கப் புருவம் செம்பட்டை பாய்ந்து, துருப்பிடித்தது மாதிரி நிற்கும். சாயல் இல்லாத வெறும் பழுப்போ, கொஞ்சம் சாம்பல் கலந்த பழுப்போதான் அங்கே பொருந்தும்.

அதே ஆசிரியை வேர்ப்பகுதியைக் கருப்பாகவே விட்டு, நடுவிலிருந்து கீழே மட்டும் நிறம் ஏற்றியிருந்தால்? புருவத்தைத் தொடவே தேவையில்லை. பார்ப்பவரின் கண் புருவத்தை நெற்றியோர முடியோடுதான் ஒப்பிடும், தோளில் புரளும் நுனியோடு அல்ல. நெற்றியோரம் கருப்பாக இருந்தால், புருவம் ஏன் கருப்பாக இருக்கிறது என்ற கேள்வி எழாது. கருமுடிக்காரர்களுக்கு இந்த வேர் விட்ட கலரிங் இவ்வளவு ஒத்துப்போவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இனி, 2-ல் இருக்கும் புருவத்தை 4-க்கு எப்படிக் கொண்டுவருவது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'பிரவுன் டின்ட்' என்று பார்லரில் போடுகிறார்களே, அது கருப்பைப் பழுப்பாக்காது. சாயம் சேர்க்கத்தான் செய்யும், இருக்கும் நிறத்தை எடுக்காது. கருப்புப் புருவத்தில் பழுப்பு டின்ட் போட்டால் அடியிலிருக்கும் தோல் சில நாளைக்குக் கறைபட்டு, புருவம் முன்னைவிட அடர்த்தியாகத் தெரியும். இடிப்பது கூடும், குறையாது.

நிறத்தை எடுக்க ப்ளீச்தான் வழி. முகத்துக்கு ப்ளீச் போடும்போது தவறிப்போய்ப் புருவத்தில் பட்டால் என்ன ஆகும் என்பது பார்லர் பக்கம் போகிற எல்லோருக்கும் தெரியும். முடியிலுள்ள கருநிறமி முதலில் உடையும், சிவப்பும் மஞ்சளும் பின்தங்கும். அதனால் கருப்புப் புருவம் முதலில் செம்பழுப்பாகும், பிறகு ஆரஞ்சாகும். ஆசிரியையின் புருவத்தைச் செம்பழுப்பிலேயே நிறுத்த வேண்டும். தேர்ந்தவர்கள் கலவையை அடர்ந்த நடுப்பகுதியில் முதலில் வைத்து, முடி மெலிந்த வால்பகுதியைக் கடைசியில் தொடுவார்கள், வால் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால். நிமிடத்துக்கு ஒருமுறை ஈரப் பஞ்சால் ஓர் ஓரத்தைத் துடைத்து நிறம் பார்ப்பார்கள். துடைக்காமல் பார்த்தால் கலவையின் வெள்ளை ஏமாற்றிவிடும். போதுமான அளவு இளகியதும் முழுக்கத் துடைத்து, சாம்பல் பழுப்பு டின்ட்டை ஓரிரு நிமிடம் வைத்துச் செம்மையை அடக்குவார்கள். டின்ட்டுக்கு உரிய இடம் இதுதான். திரெடிங்கை அன்றைக்குச் செய்வதாக இருந்தால் இதெல்லாம் முடிந்த பிறகு. நூல் இழுத்துச் சிவந்த தோலில் ரசாயனம் பட்டால் எரியும்.

இத்தனையும் செய்தாலும் ஆயுள் குறைவு. தலைமுடி ஆண்டுக்கணக்கில் வளரும். புருவ முடி வளர்வதோ சில வாரங்கள்தான், மீதிக் காலம் சும்மா ஓய்ந்திருந்து உதிரும். மூன்று வாரத்தில் பழுப்புக்கு நடுவே கருப்பு முளைகள் தலைகாட்டும். டின்ட் மங்கி ஆரஞ்சு எட்டிப் பார்க்கும்.

அதனால் பெரும்பாலோருக்குப் புருவ ஜெல்லே நல்லது. மஸ்காரா மாதிரி சின்ன பிரஷ்ஷோடு வரும் நிற ஜெல் இது. கருப்பு முடியின் மேல் பழுப்புப் படலமாக உட்கார்ந்து இரண்டு படி இளக்கிக் காட்டும், ராத்திரி கழுவினால் போய்விடும். பூசுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் வாலிலிருந்து மூக்குப் பக்கமாக, முடியின் போக்குக்கு எதிராக ஒரு இழுப்பு. இதில் முடியின் அடிப்பக்கமும் நனையும். பிறகு மேல்நோக்கிச் சீவி நேராக்க வேண்டும். பிரஷ்ஷில் அப்பியிருப்பதை டிஷ்யூவில் துடைத்துவிட்டுத் தொடங்காவிட்டால் ஜெல் தோலில் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் வரைந்ததுபோல் ஆகிவிடும்.

இமை முடியின் கதை வேறு. முகத்திலேயே அடர்ந்த நிறம் அதற்குத்தான். தலை நரைத்தவர்களுக்கும் இமை நரைப்பது அரிது. எனவே கூந்தல் எந்த நிறத்துக்குப் போனாலும் இமை கருமையாக இருப்பது யாருக்கும் உறுத்தாது. கரும்பழுப்பு விழிக்கு மேல் வெளிறிய இமை இருந்தால்தான் கண் சோர்ந்து தெரியும். ஆசிரியை செய்ய வேண்டியதெல்லாம் கன்னங்கரேலென்ற மஸ்காராவுக்குப் பதில் கரும்பழுப்பு மஸ்காராவுக்கு மாறுவதுதான். அதுகூட விருப்பம்தான்.

இமைக்குச் சாயம் ஏற்றுவதில் அழகைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. 1930-களில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயம் விற்பனையில் இருந்தது. தலைமுடி டையில் இருக்கும் பாராஃபினிலின்டையமின் வகை ரசாயனம்தான் அதிலும். 1933-ல் அதைப் போட்டுக்கொண்ட பெண்ணொருவர் பார்வையை இழந்தார். அதே சாயத்தால் உயிரிழப்பும் நேர்ந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அழகுப் பொருள்களைத் தட்டிக்கேட்க இடமே இல்லை. அந்தப் பெண்ணின் படங்களைக் கண்காட்சியில் வைத்து அதிகாரிகள் வாதாடினார்கள். 1938-ல் வந்த புதிய சட்டம் அழகுப் பொருள்களையும் வரம்புக்குள் கொண்டுவந்தது. நம் ஊர் டை பெட்டியிலும், இமைக்கோ புருவத்துக்கோ பயன்படுத்தினால் பார்வை பறிபோகலாம் என்ற எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கும். 'கருப்பு மருதாணி' என்ற பெயரில் விற்கும் பல பொடிகளிலும் இதே ரசாயனம் கலந்திருக்கிறது என்பதால், மருதாணிதானே என்று அதைப் புருவத்தில் வைப்பதும் ஆபத்து. புருவத்துக்கென்றே தயாரித்த டின்ட் ஆனாலும், 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்க்காமல் தொடக் கூடாது.

நரையை மறைக்க டை போடுபவர்களுக்கு இதே சிக்கல் தலைகீழாக வருகிறது. தலை எண் 1-ல் மையிட்ட கருப்பு, புருவமும் மீசையும் உப்பும் மிளகும். கல்யாண மண்டபத்தில் இப்படி நாலு பேராவது இருப்பார்கள். புருவத்தையும் கருப்பாக்கினால் முகம் பொம்மைபோல் ஆகிவிடும். அவர்கள் தலையின் எண்ணைத்தான் மாற்ற வேண்டும். 1-க்குப் பதில் 3 அல்லது 4 எடுத்தால் வேரில் வரும் நரையும் அவ்வளவு பளிச்சென்று தெரியாது, புருவத்தில் இருக்கும் வெள்ளையும் இயல்பாகத் தோன்றும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் புருவத்தின் வெள்ளை முடிகளில் பாதியை மட்டும் பழுப்பு ஜெல்லால் தொட்டு, மீதியை அப்படியே விடலாம்.

நிறம் பொருந்திவிட்டதா என்று பார்க்கப் பார்லர் கண்ணாடி உதவாது, அங்கே வெளிச்சம் நான்கு பக்கமும் அடிக்கும். பகலில் ஜன்னலோரம் நின்று போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்க்கலாம். சாயல் எல்லாம் மறைந்து அடர்த்தி மட்டும் மிஞ்சும். அதில் புருவம் நெற்றியோர முடியைவிடச் சற்றே அடர்த்தியாக இருந்தால் சரி, இரண்டு கோடுகளாகத் தனித்து நின்றால் இன்னும் இளக வேண்டும். வண்ணப் படத்தில் செம்மை தெரிந்தால் அடர்த்தி சரியாக இருந்தும் சாயல் தவறு. தலைக்குக் கலர் போட்ட அன்றே இதைச் செய்து முடிவெடுக்க வேண்டாம், இரண்டு மூன்று தலைக்குளியலில் புது நிறம் கொஞ்சம் இறங்கும். அதன் பிறகு கடைக்குப் போய் ஜெல் வாங்கும்போது, கையில் தடவிப் பார்ப்பதைக் கடை விளக்கின் கீழ் செய்யாமல் வாசலுக்கு வந்து செய்தால் பழுப்பென்று நினைத்து வாங்கியது வீட்டில் சிவப்பாகத் தெரியாது.